ஒரு பின்னத்துக்குள் பிபனாச்சி எண்கள்

0, 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 … என்று போகும் எண்கோலத்தை அறியாத மாணவி நம் கல்லூரியில் இருக்கமாட்டாள். முன்னால் உள்ள இரண்டு எண்களையும் கூட்டினால் அடுத்த எண் வந்துவிடும். பிபனாச்சி எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஆனால் முப்பதாவது எண் எது என்று யாராவது கேட்டால் நமக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. இருபத்தொன்பதாவது வேண்டும், அதற்கு முன்பு இருபத்தெட்டாவது வேண்டும். படிக்கட்டில் ஒரு படியையும் விடாமல் ஏறியே ஆக வேண்டும். கூட்டல் விருத்திக்கும் பெருக்கல் விருத்திக்கும் n ஆம் உறுப்பைத் தரும் சூத்திரம் இருக்கிறதே, இதற்கும் ஒன்று இல்லையா?

இருக்கிறது. n ஆம் பிபனாச்சி எண்ணை Fₙ என்று எழுதினால் அது இதுதான்:

Fₙ = (αⁿ − βⁿ) / √5

இங்கே α = (1 + √5)/2, β = (1 − √5)/2.

உயர்தர வகுப்பில் கணிதத் தொகுத்தறிவுக்கான ஒரு பயிற்சியாகத்தான் இந்தச் சூத்திரத்தை நான் முதலில் சந்தித்தேன். நிறுவல் சில வரிகளில் முடிந்துவிட்டது. சூத்திரம் சரியானது என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் மனம் நிறையவில்லை. வாசலில் வந்து நின்ற விருந்தாளியின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டோமே தவிர, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்கவில்லை. தொகுத்தறிவு சூத்திரத்தைச் சரிபார்க்கும். அதைக் கண்டுபிடித்துத் தராது. அதோடு வெறும் கூட்டலால் உண்டான முழு எண்களுக்குள் √5 என்ற விகிதமுறா எண் எப்படி நுழைந்தது என்பதும் விளங்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை நாம் ஏற்கெனவே படித்த இரண்டு பாடங்களுக்குள் இருக்கிறது. ஒன்று பகுதிப் பின்னம். மற்றது முடிவிலிப் பெருக்கல் விருத்தி. அவை இரண்டையும் கொண்டு சூத்திரத்தைப் பிறந்த இடத்திலேயே போய்ப் பார்ப்போம்.

எண்களைக் கொடியில் போடுதல்

முதலில் விதியைச் சரியாக எழுதிக்கொள்வோம். F₀ = 0, F₁ = 1. அதன் பிறகு n = 2 முதல் Fₙ = Fₙ₋₁ + Fₙ₋₂.

இப்போது இந்த எண்கள் அனைத்தையும் ஒரே கோவைக்குள் அடைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு எண்ணையும் x இன் ஒரு வலுவோடு பெருக்கிக் கூட்டுகிறோம்:

G(x) = 0 + x + x² + 2x³ + 3x⁴ + 5x⁵ + 8x⁶ + …

இதிலே xⁿ இன் குணகம் Fₙ ஆகும். இவ்வாறு ஓர் எண்கோலத்தின் உறுப்புகளைக் குணகங்களாகத் தாங்கி நிற்கும் சார்பை அந்த எண்கோலத்தைப் பிறப்பிக்கும் சார்பு என்பார்கள்.

இங்கே x என்பது நாம் தீர்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தெரியாக்கணியம் அல்ல. துணி காயப்போடும் கொடியில் உள்ள கவ்விகளைப் போன்றது அது. மூன்றாவது கவ்வியில் 2 தொங்குகிறது, நான்காவதில் 3 தொங்குகிறது. எந்த எண் எந்த இடத்துக்குரியது என்பதை x இன் வலு நினைவில் வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

கவ்விகளால் ஒரு பெரிய வசதி உண்டு. G(x) ஐ x ஆல் பெருக்கினால் எல்லா எண்களும் ஓரிடம் வலப்பக்கம் நகரும். x² ஆல் பெருக்கினால் ஈரிடம் நகரும். ‘முன்னைய எண்’, ‘அதற்கும் முன்னைய எண்’ என்று விதி சொல்வதை இந்த நகர்த்தல் அப்படியே செய்துகாட்டும். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

G(x) = x + x² + 2x³ + 3x⁴ + 5x⁵ + …
x·G(x) = x² + x³ + 2x⁴ + 3x⁵ + …
x²·G(x) = x³ + x⁴ + 2x⁵ + …

முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழிப்போம். x³ இன் குணகம் 2 − 1 − 1 = 0. x⁴ இன் குணகம் 3 − 2 − 1 = 0. x⁵ இன் குணகம் 5 − 3 − 2 = 0. ஒவ்வோர் எண்ணும் முன்னைய இரண்டின் கூட்டுத்தொகை என்பதால் இந்த அழிவு எங்கும் நிற்காது. x² இலும் 1 − 1 − 0 = 0 தான். அழியாமல் மிஞ்சுவது x மட்டுமே. ஏனென்றால் F₁ = 1 என்பது விதியால் வந்ததல்ல; நாம் கொடுத்த தொடக்கம். ஆகவே,

G(x) − x·G(x) − x²·G(x) = x

G(x) = x / (1 − x − x²)

முடிவே இல்லாத ஒரு தொடர், பல்லுறுப்பியைப் பல்லுறுப்பியால் வகுத்த ஒரு விகிதமுறு சார்பாகச் சுருங்கிவிட்டது. பகுதியில் இருக்கும் 1 − x − x² என்பது விதியின் முகம். தொகுதியில் இருக்கும் x என்பது தொடக்கத்தின் முகம். வேறெதுவும் அதில் இல்லை.

இவ்வளவு சிறிய பின்னத்துக்குள் எல்லா எண்களும் உண்மையாகவே இருக்கின்றனவா என்று ஐயம் வந்தால் நீள் வகுத்தல் செய்து பார்க்கலாம். x ஐ 1 − x − x² ஆல் வகுக்கும்போது ஈவின் முதல் உறுப்பு x. மீதி x² + x³. அடுத்த உறுப்பு x². மீதி 2x³ + x⁴. அடுத்தது 2x³; மீதி 3x⁴ + 2x⁵. ஈவிலே 1, 1, 2 என்று எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. மீதியிலே அடுத்து வர இருக்கும் எண்கள் வரிசையில் காத்து நிற்கின்றன.

பின்னத்தைப் பிரித்தல்

வகுத்துக்கொண்டே போனாலும் நாம் படிக்கட்டில்தான் ஏறுகிறோம். முப்பதாவது குணகத்துக்கு நேரே போக வேண்டுமென்றால் G(x) ஐ, குணகங்கள் பார்த்தவுடன் தெரியும் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அப்படிப்பட்ட துண்டு நமக்குத் தெரியும். முதல் உறுப்பு 1, பொது விகிதம் ax ஆன முடிவிலிப் பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகை அது:

1 / (1 − ax) = 1 + ax + a²x² + a³x³ + …

இதில் xⁿ இன் குணகம் aⁿ. கேட்டவுடன் சொல்லிவிடலாம்.

எனவே 1 − x − x² ஐ (1 − αx)(1 − βx) என்ற வடிவில் காரணிப்படுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் பலரின் கணக்கு வழி தவறும். வழக்கமான பழக்கத்தில் 1 − x − x² = 0 என்ற சமன்பாட்டைத் தீர்த்து, வந்த மூலங்களையே α, β என்று எடுத்துவிடுவார்கள். அந்த மூலங்கள் 0.618…, −1.618… ஆகும். நமக்கு வேண்டியவை அவற்றின் நிகர்மாறுகள். ஏனென்றால் 1 − αx பூச்சியமாவது x = 1/α ஆகும்போதுதான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் வழி, அடைப்புகளைப் பெருக்கிக் குணகங்களை ஒப்பிடுவது:

(1 − αx)(1 − βx) = 1 − (α + β)x + αβx²

ஆகவே α + β = 1, αβ = −1. கூட்டுத்தொகை 1, பெருக்கம் −1 ஆன இரண்டு எண்கள் t² − t − 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள். வர்க்கப் பூர்த்தி செய்தால் (t − 1/2)² = 5/4. இதிலிருந்து,

α = (1 + √5)/2 = 1.6180…
β = (1 − √5)/2 = −0.6180…

√5 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இதோ. முன்னைய இரண்டையும் கூட்டு என்ற விதி பகுதியில் ஓர் இருபடிக் கோவையாக உட்கார்ந்தது. அந்த இருபடிக் கோவையை விகிதமுறும் எண்களால் காரணிப்படுத்த முடியாது. உடைக்க முயன்றபோது √5 வெளியே வந்தது.

t² = t + 1 என்று இதே சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் ஒரு பழைய தொடர்பு தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தமது அல்-ஜப்ர் நூலில் இருபடிச் சமன்பாடுகளை வகைப்படுத்தினார். ‘மூலங்களும் ஓர் எண்ணும் சேர்ந்து வர்க்கத்துக்குச் சமன்’ என்பது அவற்றில் ஒன்று. அதற்கு அவர் எடுத்த உதாரணம் இன்றைய குறியீட்டில் x² = 3x + 4. நம் சமன்பாடும் அதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அவர் காலத்தில் மறை எண்ணை விடையாக ஏற்பதில்லை. எனவே அவருடைய முறை α ஐ மட்டும் தரும். நமக்கோ β இல்லாமல் கணக்கு முடியாது. அது ஏன் என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

இனி வழக்கமான பகுதிப் பின்னந்தான்.

x / ((1 − αx)(1 − βx)) = A / (1 − αx) + B / (1 − βx)

என்று எடுத்து, இருபுறமும் பகுதியால் பெருக்கினால்

x = A(1 − βx) + B(1 − αx)

x = 0 என இட்டால் A + B = 0. x = 1/α என இட்டால் B உள்ள உறுப்பு மறைந்து 1/α = A(1 − β/α) என்று வரும். இதை α ஆல் பெருக்கினால் 1 = A(α − β). α − β = √5 என்பதால் A = 1/√5, B = −1/√5.

ஆகவே G(x) = (1/√5) · [ 1/(1 − αx) − 1/(1 − βx) ].

முதல் துண்டில் xⁿ இன் குணகம் αⁿ. இரண்டாவதில் βⁿ. G(x) இல் xⁿ இன் குணகம் Fₙ. மூன்றையும் சேர்த்தால் நாம் தேடிய சூத்திரம் கையில் கிடைக்கிறது:

Fₙ = (αⁿ − βⁿ) / √5

யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. விதியைக் கொடியில் போட்டோம், பின்னமாக்கினோம், பிரித்தோம், தானாக வந்தது. பிபனாச்சி எண்கோலம் தனித்த ஒரு விருத்தி அல்ல. இரண்டு பெருக்கல் விருத்திகளின் வித்தியாசம் என்பதே இந்தச் சூத்திரம் சொல்லும் செய்தி.

இதை 1843இல் எழுதிய பிரான்ஸ் நாட்டுப் பினேயின் பெயரால் அழைப்பார்கள். ஆனால் அதற்கு நூறாண்டுக்கும் முன்னரே, 1730இல் வெளியான தம் நூலில், ஆபிரகாம் டி மோய்வர் இத்தகைய தொடர்களை இந்த வழியில் கையாண்டிருந்தார். சிக்கலெண் பாடத்தில் தேற்றமாக நாம் அறிந்த அதே டி மோய்வர்தான்.

√5 மறைவது எப்படி?

n = 3 ஐ எடுத்துச் செய்து பார்ப்போம்.

α³ = (1 + √5)³/8 = (1 + 3√5 + 15 + 5√5)/8 = (16 + 8√5)/8 = 2 + √5

β³ க்கும் இதே விரிதான். √5 இன் குறி மட்டும் மாறும். எனவே β³ = 2 − √5. கழித்தால் 2 என்ற விகிதமுறும் பகுதிகள் ஒன்றையொன்று அழிக்க, 2√5 மிஞ்சும். √5 ஆல் வகுத்தால் 2. F₃ = 2 அல்லவா!

எந்த n க்கும் இதுவே நடக்கும். α வும் β வும் கண்ணாடியும் பிம்பமும் போன்றவை. ஒன்றில் +√5 உள்ள இடத்தில் மற்றதில் −√5. கழிக்கும்போது √5 இல்லாத பகுதி போய்விடும். √5 உள்ள பகுதி இரட்டிப்பாகும். பிறகு √5 ஆல் வகுக்க அதுவும் போய்விடும். β இல்லாமல் கணக்கு முடியாது என்றது இதனால்தான். α மட்டும் தனியே நின்றால் √5 ஐ அழிக்க ஆளில்லை.

ஆயினும் β மிகச் சிறியது. அதன் மட்டு 1 ஐ விடக் குறைவு என்பதால் வலு கூடக்கூட βⁿ பூச்சியத்தை நெருங்கும். βⁿ/√5 இன் மட்டு n = 0 இலேயே 0.447…, அரையைத் தாண்டுவதே இல்லை. எனவே αⁿ/√5 ஐக் கணித்து, அதற்கு மிகக் கிட்டிய முழு எண்ணை எடுத்தால் Fₙ கிடைத்துவிடும்.

இதற்குப் பொருத்தமான சோதனை முயல் கணக்குதான். பிபனாச்சி என்று நாம் அழைக்கும் பீசா நகரத்து லியனார்டோ, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பெஜாயா துறைமுகத்தில் தந்தையோடு இருந்த காலத்தில் இந்திய-அரபு எண்முறையைக் கற்றவர். 1202இல் எழுதிய நூலில், ஒரு சோடி முயல் ஓராண்டில் எத்தனை சோடியாகும் என்று கேட்டு, மாதம் மாதமாகக் கூட்டி 377 என்று விடை தந்தார். முதல் மாத முடிவில் 2 சோடி என அவர் தொடங்குவதால், பன்னிரண்டாம் மாத முடிவு நம் வரிசையில் F₁₄ ஆகும். கணிகருவியில் α¹⁴/√5 ஐக் கணித்தால் 377.0005 வருகிறது. அந்த 0.0005 தான் β இன் பங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. α ஐ 1.618 என்று மட்டந்தட்டிவிட்டுப் பெரிய n க்குப் போகக்கூடாது. n = 14 க்கு 376.89 வரும், கிட்டிய முழு எண் 377 என்பதால் தப்பித்துவிடலாம். ஆனால் F₃₀ இன் சரியான பெறுமானம் 832040. 1.618 ஐ வைத்துக் கணித்தால் விடை ஐந்நூறுக்கு மேல் குறைந்துவிடும். சிறிய வழு முப்பது தடவை பெருகுகிறது. α ஐ (1 + √5)/2 என்றே கணிகருவிக்குக் கொடுப்பது நல்லது.

x க்கு எண்ணை இடலாமா?

இதுவரை x வெறும் கவ்வியாக இருந்தது. அதற்கு ஓர் எண்ணை இட்டால் என்ன ஆகும்? x = 1/10 என இடுவோம்.

G(1/10) = 0.1 / (1 − 0.1 − 0.01) = 0.1/0.89 = 10/89

கணிகருவி 0.1123595506 என்று காட்டும். தசமப் புள்ளிக்குப் பின் 1, 1, 2, 3, 5 வரிசையாக நிற்கின்றன. அடுத்து 8 வர வேண்டிய இடத்தில் 9 இருக்கிறது. அதற்கடுத்த 13 ஓர் இலக்கத்துக்குள் அடங்காததால் அதன் 1 இடப்பக்கம் ஏறி 8 ஐ 9 ஆக்கிவிட்டது. இடம் போதாததே காரணம், எண்கோலம் தவறவில்லை.

இனி x = 1 என இட்டுப் பாருங்கள். பின்னம் 1/(1 − 1 − 1) = −1 என்கிறது. தொடரோ 0 + 1 + 1 + 2 + 3 + … என்று நேர் எண்களாகவே பெருகிக்கொண்டு போகிறது. நேர் எண்களின் கூட்டுத்தொகை −1 ஆகாது. முரண்பாட்டின் காரணம் பெருக்கல் விருத்தியில் உள்ளது. பொது விகிதத்தின் மட்டு 1 ஐ விடக் குறைவானால்தான் முடிவிலிக் கூட்டுத்தொகைக்குப் பொருள் உண்டு. நம் இரண்டு விகிதங்கள் αx, βx. இவற்றுள் பெரியது αx. எனவே x இன் மட்டு 1/α ஐ, அதாவது 0.618… ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். 1/10 அதற்குள் அடங்குகிறது, 1 அடங்கவில்லை. குணகங்களை ஒப்பிட்டு நாம் பெற்ற சூத்திரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே x க்கு எந்த எண்ணையும் நாம் இடவில்லையே. x க்கு எண் இடும் கணத்திலிருந்துதான் எல்லை குறுக்கே வருகிறது.

தோழிகளுக்கு ஒரு கணக்கை விட்டு முடிக்கிறேன். கூட்டும் விதியை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் 2, 1 என்று மாற்றுங்கள். 2, 1, 3, 4, 7, 11, 18 … என்ற லூக்கா எண்கள் வரும். விதி மாறாததால் பின்னத்தின் பகுதி 1 − x − x² ஆகவே இருக்கும். தொடக்கம் மாறியதால் தொகுதி மட்டும் மாறும். அந்தத் தொகுதியைக் கண்டு, பகுதிப் பின்னமாக்கி, பொது உறுப்பை எழுதுங்கள். இம்முறை √5 ஆல் வகுக்க வேண்டிய தேவையே வராது. உங்கள் சூத்திரத்தில் n = 4 என இட்டால் 7 வர வேண்டும்.